‘எனக்கு ஒருக்கா அனுப்புங்கோ’: வன்னிப் பாடசாலை அதிபர்களுக்கும் பெற்றாருக்கும் ஒரு திறந்த மடல்

வன்னிப் பாடசாலைகளின் அதிபர்கள், ஒழுக்காற்றுக் குழு ஆசிரியர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர்கள், பெற்றார் அனைவருக்கும் வணக்கம்.

பிரதேச செயலகம் ஒன்றில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். உங்களில் பலருடைய அலுவலகக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறேன். இருந்தும் பெயர் போடாமல்தான் எழுதுகிறேன். என் பெயர் தெரிந்தால் எந்தப் பிரிவு என்று தெரியும், பிரிவு தெரிந்தால் எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியும், அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை என்று கண்டுபிடிக்க எங்கள் சனத்துக்கு அரை மணித்தியாலம் போதும். கீழே எழுதும் சம்பவத்திலும் அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்ற ஒழுங்கை மட்டும் மாற்றவில்லை, ஏனென்றால் இந்த மடலே அந்த ஒழுங்கைப் பற்றியதுதான்.

ஒரு மாணவனையோ மாணவியையோ அவமானப்படுத்தும் வீடியோ ஒன்று பிள்ளைகளின் வட்ஸ்அப் குறூப்புகளில் ஓடுகிறது என்று தெரியவந்ததும் பெரியவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது, “ஆர் எடுத்தது?” என்பது. அடுத்ததாக, கிட்டத்தட்ட அதே மூச்சில், “எனக்கு ஒருக்கா அனுப்புங்கோ, பாப்பம்.” நான் கண்ட சம்பவங்களில் அதிக சேதம் செய்தது இந்த இரண்டாவது வசனம்தான். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

தரம் 10 பெடியன் ஒருவன். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடக்கிற காலம். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் பயிற்சி முடிந்து, குழாய்க்கிணற்றடியில் குளித்துவிட்டுத் துவாயோடு நின்று உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தவனிடமிருந்து துவாயை ஒருவன் இழுத்தான், இன்னொருவன் போனில் எடுத்தான். பத்துப் பதினைந்து விநாடிதான். பின்னணியில் நாலைந்து பேரின் சிரிப்பு. பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்ற விதி பயிற்சி நேரத்தில் தளர்ந்துபோவது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றிரவு வீடியோ ஏழெட்டுப் பெடியள் உள்ள சின்னக் குறூப்புக்குப் போனது. பத்து மணியளவில் அதில் ஒருவன் வகுப்புக் குறூப்பில் போட்டான். இந்த வகுப்புக் குறூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது பாடக் குறிப்புகள் அனுப்பத் தொடங்கிய குறூப்புகளில் அதுவும் ஒன்று. பிள்ளைகளிடம் சொந்தப் போன் இல்லாத காலம் என்றபடியால், சேர்த்த இலக்கங்களில் பெரும்பாலானவை அம்மாமாருடையவை. ஆசிரியர் ஒருவர்தான் அட்மின். பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த பிறகு அந்தக் குறூப்பை எவரும் மூடவில்லை. ஆசிரியர் சத்தத்தை நிறுத்திவைத்துவிட்டு மறந்துபோனார். பிள்ளைகள் மறக்கவில்லை. பெயரளவில் பாடசாலையினுடைய குறூப், ஆனால் பார்க்க ஒரு பெரியவர் இல்லை. இப்படிக் கைவிடப்பட்ட குறூப்புகள் இன்றைக்கும் எத்தனையோ பள்ளிக்கூடங்களின் பெயரில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வெள்ளிக்கிழமை காலை விசயம் அதிபருக்குத் தெரியவந்தது. அவர் கெட்ட மனிசர் இல்லை. நான் கண்ட நல்ல அதிபர்களில் ஒருவர் என்றுகூடச் சொல்வேன். வகுப்பாசிரியரைக் கூப்பிட்டு, “அந்த வீடியோவை எடுத்து எனக்கு அனுப்புங்கோ, ஆதாரம் வேணும்” என்றார். ஆசிரியரின் போனில் அது இறங்கியிருக்கவில்லை. அவர் வகுப்புத் தலைவனைக் கேட்டார். அவனிடமும் இல்லை. அவன் இன்னொருவனிடம் கேட்டு வாங்கி அனுப்பினான். அதுவரை அந்த வீடியோவைத் தொடாத ஒரு பிள்ளையின் போனில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பள்ளிக்கூடம்தான். ஆசிரியரிடமிருந்து அதிபருக்கு, அதிபரிடமிருந்து பிரதி அதிபருக்கும் ஒழுக்காற்றுக்குப் பொறுப்பான ஆசிரியருக்கும். பின்னால் சிரிப்பது யாருடைய குரல் என்று கண்டுபிடிப்பதற்காக அந்த ஒழுக்காற்று ஆசிரியர் அதை ஆசிரியர் ஓய்வறையில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டினார்.

அதற்குள் காலைக்கூட்டம். பெயர் சொல்லாமல், “எங்கட பாடசாலைக்கு மானக்கேடான ஒரு காரியம் நடந்திருக்கு” என்று அறிவிக்கப்பட்டது. பெயர் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்த இடத்தில் அந்தப் பெடியன் நின்றான். குறூப்பில் இல்லாத சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கும் அந்தத் திரும்பல் பெயரைச் சொல்லிக்கொடுத்தது. பிறகு சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்கும் எல்லோர் முன்னாலும் பிரம்படி.

சனிக்கிழமை, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் குறூப்பில் தகப்பன் ஒருவர், நிர்வாகத்தின் மீது ஏற்கெனவே இருந்த கோபத்தோடு, “பாருங்கோ எங்கட பள்ளிக்கூடத்தின்ர நிலைமையை” என்ற குரல்பதிவையும் வீடியோவையும் சேர்த்துப் போட்டார். அவருக்கு அது நிர்வாகத்துக்கு எதிரான சாட்சி. அதில் நிற்பது ஒரு பிள்ளை என்பது இரண்டாம்பட்சம்.

ஞாயிற்றுக்கிழமை பெடியனின் தாய்க்குப் பாரிஸிலிருந்து தொலைபேசி. கணவனின் தம்பி. “அண்ணி, இது எங்கட பெடியன்தானே?” தாய்க்கு அதுவரை ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை மகன் சாப்பிடாமல் படுத்ததைக் காய்ச்சல் என்று நினைத்திருந்தா. அதிபருக்குத் தெரியும், ஆசிரியர்களுக்குத் தெரியும், சங்கத்துக்குத் தெரியும், பிரான்சுக்கும் தெரியும். ஆறு கிலோமீற்றர் தள்ளி இருக்கிற தாய்க்கு ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு விசாரித்து எழுதிய குறிப்பில், அந்த வீடியோ மாணவர் வட்டத்தை விட்டு வெளியே போன வழிகளைக் குறித்தேன். மூன்று வழிகள்: ஆசிரியர் ஓய்வறை, சங்கத்தின் குறூப், வெளிநாட்டு உறவு. மூன்றிலும் வெளியே கொண்டுபோன முதல் கை பெரியவருடையது. பிள்ளைகள் செய்தது பாரிய பிழை, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் பிள்ளைகளிடத்திலேயே அது நின்றிருந்தால் கிட்டத்தட்ட நாற்பது போன்களுக்குள் நின்றிருக்கும்.

இங்கே வட்ஸ்அப் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவர் ஒரு செய்தியை எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது அனுப்பிய நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்துக்குத்தான். 2022இலிருந்து குறூப்பின் அட்மினாலும் மற்றவர்கள் போட்டதை எல்லோருக்கும் அழிக்க முடியும். அதாவது அந்த வெள்ளிக்கிழமை காலையில், வகுப்புக் குறூப்பைத் திறந்து, அந்த வீடியோவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, எல்லோருக்கும் அழி என்று கொடுக்கக்கூடிய ஒரே பெரியவர் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருந்தார். அவரிடம் அதைக் கேட்கவில்லை. வீடியோவை எடுத்து அனுப்பும்படிதான் கேட்டார்கள்.

அழித்தாலும் முழுக்கப் போய்விடாது. பல போன்களில் வட்ஸ்அப்பில் வரும் படமும் வீடியோவும் தானாகவே இறங்கிக் கலரிக்குள் போய்விடும். கலரியிலிருந்து கூகுள் கணக்குக்கும் சில போன்களில் தானாக ஏறும். குறூப்பில் அழித்தது அந்தப் பிரதிகளையும் அழிக்கும் என்று நம்ப முடியாது. கலரியில் அழித்தாலும் குப்பைப் பெட்டிக்குள் ஒரு மாதமாவது கிடக்கும். ஆகவே குறூப்பில் அழிப்பது புதிதாகப் பார்ப்பவர்களை நிறுத்தும், ஏற்கெனவே இறக்கியவர்களை நிறுத்தாது. அதனால்தான் முதல் நாளே செய்ய வேண்டும், அதனால்தான் புதிதாக ஒரு பிரதியைக்கூட உண்டாக்கக் கூடாது.

இன்னுமொன்று. “போவேர்ட் அடையாளம் இல்லை, ஆகவே இவன்தான் முதலில் போட்டவன்” என்று ஒழுக்காற்றுக் குழுவில் ஒருவர் வாதாடியதைக் கேட்டிருக்கிறேன். ஒரு அம்புக்குறி இருந்தால் அது வேறெங்கிருந்தோ முன்னனுப்பப்பட்டது. இரண்டு அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறியது. ஆனால் அம்புக்குறி இல்லாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது. கலரியில் சேமித்துத் திரும்பப் போட்டால் அடையாளம் போய்விடும். அந்தப் பிழையான வாதத்தால், எடுத்தவனை விட்டுவிட்டு மூன்றாவதாகப் போட்டவனுக்கு அதிக தண்டனை கொடுத்த இடமும் உண்டு. இதைக் கண்டுபிடிப்பது பொலிசின் வேலை, அவர்களுக்கு வேண்டியது போன். உங்கள் போனில் இருக்கும் பத்தாவது பிரதியால் அவர்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

அப்படியானால் ஆதாரம்? அதிபர்மார் என்னிடம் கேட்கும் நியாயமான கேள்வி இது. ஆதாரத்துக்கு வீடியோ தேவையில்லை, விவரம் தேவை. எந்தக் குறூப், அதில் எந்த இலக்கம் போட்டது, எந்தத் திகதி எத்தனை மணி, யார் உங்களுக்குச் சொன்னது, வீடியோவில் என்ன இருப்பதாகச் சொன்னார்கள் என்று இரண்டு வரி. இவ்வளவும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் கையால் எழுதப்பட்டு, எழுதியவரும் இன்னொருவரும் ஒப்பமிட்டால் போதும். போன் திரையைப் படம் பிடிப்பதானால் வீடியோ தெரியாதபடி குறூப்பின் பெயரும் இலக்கமும் நேரமும் தெரிகிற பகுதியை மட்டும் பிடிக்கலாம். எழுதிய பிறகு அழியுங்கள். எழுதுவதற்கு முன் அழித்தால் முதலில் போட்டவர் யார் என்ற தடயமும் சேர்ந்து போய்விடும்.

எடுத்தவனின் போனை யாரும் நோண்டக் கூடாது, பிள்ளையைக் கொண்டு அழிப்பிக்கவும் கூடாது. தாய் தகப்பனை வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் போனை நிறுத்தி, உறையிலிட்டு ஒட்டி, ஒப்பம் வாங்கி, பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவிடம் கொடுங்கள். கோபத்தில் போனை நிலத்தில் அடித்து உடைத்த தகப்பன்மாரை எனக்குத் தெரியும். தன் பிள்ளை எடுக்கவில்லை, வந்ததைத்தான் வைத்திருந்தான் என்று பிறகு நிரூபிக்க அவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

இப்போது சட்டம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் ஆசிரியர்களுக்கு இது தெரியாமல் இருப்பது ஆபத்து. இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 286அ பிரிவு 1995இல் சேர்க்கப்பட்டது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் ஆபாசமான, அநாகரிகமான படத்தை எடுப்பது, பரப்புவது, காட்டுவது, பரப்பவோ காட்டவோ வைத்திருப்பது ஆகியவை குற்றம். தண்டனை 2 வருடத்துக்குக் குறையாத, 10 வருடம் வரையான சிறை. ஆசிரியர் ஓய்வறையில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவது எந்தச் சொல்லுக்குக் கிட்ட வருகிறது என்று பாருங்கள். நல்ல நோக்கத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம். எடுக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு ஆசிரியர் தன் வேலையை அடகு வைக்கத் தேவையில்லை. பெடியன்தானே, ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். சட்டம் பிள்ளை என்றுதான் சொல்கிறது. ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை.

அதே நேரம் இந்தப் பிரிவு எல்லாவற்றையும் பிடிக்காது. ஒரு பிள்ளையை முழங்காலில் இருத்தி அழவைத்து எடுத்த வீடியோ, வகுப்பில் வாய் திக்கிப் பேசியதை எடுத்த வீடியோ, இவற்றில் அநாகரிகம் இல்லை, அவமானம் மட்டும் இருக்கிறது. இப்படியான சம்பவங்களில் “பொலிசுக்குப் போற விசயம் இல்லை” என்று சொல்லிப் பள்ளிக்கூடமும் கைவிட்டுவிடுகிறது. பொலிஸ் தலையிடாத இடத்தில்தான் பாடசாலையின் பொறுப்பு முழுதாகத் தொடங்குகிறது.

அப்படியான ஒன்றை ஒழுங்காகக் கையாண்ட அதிபர் ஒருவரையும் நான் கண்டேன். தரம் 9 பிள்ளை. வெள்ளைச் சீருடையில் கறை பட்டிருந்ததைப் பின்னாலிருந்து படம் எடுத்து, மேலே ஒரு வசனமும் எழுதிப் பிள்ளைகள் அனுப்பியிருந்தார்கள். அதிபர் அம்மா படத்தைக் கேட்கவே இல்லை. கொண்டுவந்து காட்ட வந்த ஆசிரியையிடம், “எனக்குப் பார்க்கத் தேவையில்லை, என்ன இருக்கெண்டு சொல்லுங்கோ, எழுதுறன்” என்றா. முதலில் தாயைக் கூப்பிட்டா. பிள்ளையை எல்லோர் முன்னாலும் அலுவலகத்துக்கு அழைக்காமல், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியை நூலகத்தில் புத்தகம் அடுக்கவென்று கூட்டிக்கொண்டு போனா. தாய் வந்த பிறகுதான் விசயத்தைப் பேசினார்கள். அட்மினைக் கொண்டு குறூப்பில் அழிப்பித்தா. எடுத்த பிள்ளைகளைத் தனித்தனியாக, அவரவர் தாய் தகப்பனோடு, வேறு வேறு நேரத்தில் சந்தித்தா. காலைக்கூட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. பெற்றார் குறூப்பில் மட்டும் ஒரு செய்தி. அது எனக்கு இன்றைக்கும் கிட்டத்தட்டப் பாடம், ஆகவே நீங்கள் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய விதமாக எழுதுகிறேன்:

“பெற்றாருக்கு: எமது மாணவர் ஒருவரை அவமதிக்கும் பதிவு ஒன்று குறூப்புகளில் வந்துள்ளது. அதைத் திறக்க வேண்டாம், எவருக்கும் அனுப்ப வேண்டாம், பாடசாலைக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் போனில் வந்திருந்தால் எந்த இலக்கத்திலிருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று தாளில் எழுதி ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் நேரில் கொடுங்கள். பிறகு குறூப்பிலிருந்தும் கலரியிலிருந்தும் அழியுங்கள். இது பற்றி இங்கு பேச வேண்டாம்.”

இதில் “பாடசாலைக்கும் அனுப்ப வேண்டாம்” என்பதுதான் முக்கியமான வரி. அந்த வரி இல்லாவிட்டால் நல்ல மனம் கொண்ட பத்துப் பெற்றார் அன்றிரவே அதிபருக்கு அனுப்பிவைப்பார்கள். அந்தப் பிள்ளை ஒரு கிழமை வரவில்லை, பிறகு வந்தாள், அதே பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் எழுதினாள். அழுதாளா, அழுதாள். ஒன்றும் நடக்காததுபோல ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை.

முதலில் சொன்ன பெடியனிடம் திரும்புவோம். திங்கட்கிழமை தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, பிரம்படி வாங்கியவர்களின் பெற்றார் வைத்தியசாலைத் துண்டோடு முதலே வந்து நின்றார்கள். உடல் தண்டனை கூடாது என்று 2016இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கையே விட்டிருக்கிறது, அதை அவர்கள் அச்சடித்தும் கொண்டுவந்திருந்தார்கள். அதோடு விசயம் தலைகீழாகிவிட்டது. அன்றைய கூட்டம் முழுக்க ஆசிரியரைக் காப்பாற்றுவது எப்படி என்பதைப் பற்றியதாக ஆனது. கடைசியில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்து ‘இணக்கம்’: அவர்கள் அடித்ததற்கு முறைப்பாடு செய்யமாட்டார்கள், இவர்கள் வீடியோவுக்கு முறைப்பாடு செய்யமாட்டார்கள். பெடியனின் தாயிடம் ஒப்பம் வாங்கினார்கள். ஆசிரியரின் கைக்கும் பிள்ளையின் மானத்துக்கும் பண்டமாற்று நடந்த கூட்டம் அது. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து சோடா கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடித்திருக்காவிட்டால் பேரம் பேச அவர்களிடம் ஒன்றும் இருந்திருக்காது. அடி கூடாது என்பதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. இது நடைமுறையான காரணம்.

அதே கூட்டத்தில்தான், “பிள்ளையின்ர நன்மைக்காக” விடுகைப் பத்திரம் எடுத்து வேறு பள்ளிக்கூடம் போகலாம் என்ற யோசனையும் வந்தது. இதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்: துவாயை இழுத்தவன் இருக்கிறான், எடுத்தவன் இருக்கிறான், போவது இவன். வன்னியில் பக்கத்துப் பள்ளிக்கூடம் என்பது கொழும்பில் அடுத்த தெருவுக்குப் போவதுபோல் இல்லை. பதினாலு கிலோமீற்றர், காலையில் ஒரு பஸ், தவறினால் அன்றைக்குப் படிப்பில்லை. வலயம் அதே வலயம். கோட்டமட்டப் போட்டிகளில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒன்றாக ஓடுகிறார்கள், ரியூசனுக்கு ஒரே கொட்டிலுக்குள் இருக்கிறார்கள். பெடியன் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் கிழமையிலேயே பஸ்ஸில் ஒருவன் ‘துவாய்’ என்று கூப்பிட்டான். வீடியோ இவனுக்கு முன்னால் போய் இடம் பிடித்திருந்தது. கொஞ்சக் காலத்தில் அங்கேயும் போவதை நிறுத்தி, சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினான்.

இடமாற்றம் ஒருபோதும் கூடாது என்று சொல்லவில்லை. பிள்ளையே கேட்டால், யோசிக்க அவகாசம் கொடுத்த பிறகும் கேட்டால், செய்யுங்கள். பிள்ளை கேட்பதற்கு முன் மேசையில் விடுகைப் பத்திரத்தை வைப்பதைத்தான் கூடாது என்கிறேன். அவன் திரும்பி வருவதற்கு வழி செய்வதுதான் பள்ளிக்கூடத்தின் வேலை. யார் பக்கத்தில் இருப்பான், இடைவேளையில் யாரோடு நிற்பான், பஸ் தரிப்பிடத்துக்கு யாரோடு நடப்பான், எடுத்தவர்கள் எந்த வகுப்பில் இருப்பார்கள் என்பதை வகுப்பாசிரியரும் தாயும் பிள்ளையும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். இடம் மாற வேண்டும் என்றால் எடுத்தவர்கள் வகுப்பு மாறட்டும்.

பெற்றாருக்கு இனி. உங்கள் பிள்ளையின் படம்தான் சுற்றுகிறது என்றால், தயவுசெய்து அதைப் பிள்ளையிடமே கேட்டு வாங்கிப் பார்க்காதீர்கள். “நீ ஏன் அங்க போனனீ” என்ற கேள்வியை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அந்த முதல் கிழமையில் இரவில் தனிய விடாதீர்கள். எங்கள் வீடுகளில் விவசாய மருந்துப் போத்தல் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அதைப் பூட்டி வையுங்கள். சாப்பாடு, நித்திரை, குளிப்பு மூன்றும் குறைந்துகொண்டு போனாலோ, தன் பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நடுச்சாமத்தில் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. முறைப்பாட்டுக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. பள்ளிக்கூடம் சம்மதிக்க வேண்டியதில்லை, சங்கம் சம்மதிக்க வேண்டியதில்லை, இணக்கக் கடிதத்தில் ஒப்பமிட்டிருந்தாலும் அழைக்கலாம்.

உங்கள் பிள்ளை அனுப்பியவன் என்றால், அந்தப் போனின் சிம் பெரும்பாலும் உங்கள் அடையாள அட்டையில்தான் இருக்கிறது. பொலிஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவை. வெளிநாட்டில் இருக்கும் தகப்பன் அனுப்பிய போன், உள்ளூரில் யார் பார்ப்பது என்று தெரியாமல் பிள்ளையின் கையில் இருக்கிற குடும்பங்கள் எங்களிடம் நிறைய. பிள்ளையிடம் யார் யாருக்கு அனுப்பினாய் என்று கேட்டு எழுதுங்கள், அந்தப் பெயர்களைப் பள்ளிக்கூடத்திடம் கொடுங்கள். அடுத்தவனின் பிள்ளை உங்கள் பிள்ளையைக் கெடுத்தான் என்ற வழக்கைப் பிறகு பேசலாம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கும் இது பொருந்தும். அக்கறையில்தான் அனுப்புகிறீர்கள், தெரியும். 2009க்குப் பிறகு எங்கள் சனத்தின் உடல்கள் எங்கள் அனுமதியில்லாமல் உலகமெல்லாம் காணொளிகளாக ஓடின. தன் பிள்ளையாக இருக்குமோ என்று அவற்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்த தாய்மார் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளையொன்றின் அவமானத்தை, “இது ஆர் தெரியுமோ?” என்று கேட்டு இன்னொரு குறூப்பில் போடாதீர்கள்.

அதிபர்களிடம் கேட்பது சில காரியங்கள்தான். உங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரில் ஓடும் குறூப்புகளை எண்ணிப் பாருங்கள். பொறுப்பான ஒரு ஆசிரியர் அட்மினாக இல்லாதவற்றை இந்தத் தவணையில் மூடுங்கள். உங்களிடம் பாடசாலைச் சிறுவர் பாதுகாப்புக் குழு காகிதத்திலாவது இருக்கும். அதன் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை எழுதுங்கள்: எவரும் பதிவைக் கேட்டு வாங்குவதில்லை, பாதிக்கப்பட்ட பிள்ளையின் வீட்டுக்கு அன்றே சொல்வது, காலைக்கூட்டத்தில் பேசுவதில்லை. பொலிசுக்கும் பிரதேச செயலகத்துக்கும் யார் அறிவிப்பது என்று ஒருவரின் பெயரையும் எழுதிவையுங்கள். அந்தப் பெயர் இல்லாததால்தான் எல்லோரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிடுகிறார்கள்.

வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் ஒன்று. முறைப்பாடு வந்ததும் “பதிவின் பிரதியை இணைத்து அறிக்கை அனுப்புக” என்று கடிதம் எழுதாதீர்கள். அப்படி ஒரு கடிதத்தை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அதிபர் அதைக் குறுந்தட்டில் ஏற்றித் தபாலில் அனுப்பினார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர், வன்னி

பி.கு.: நிர்வாணமான அல்லது பாதி நிர்வாணமான படம் பேஸ்புக், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் போன்ற இடங்களுக்குப் போய்விடும் என்ற பயம் இருந்தால், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கென்று takeitdown.ncmec.org என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அங்கே ஏற்றத் தேவையில்லை. படம் உங்கள் போனிலேயே இருக்க, அதற்குரிய ஒரு இலக்கக் குறி மட்டும் போகும், சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தக் குறியைக் கொண்டு தேடி எடுத்துவிடும். வட்ஸ்அப் குறூப்புக்குள் பூட்டப்பட்டுப் போகும் செய்திகளுக்கு இது உதவாது. அங்கே அட்மினின் விரல்தான்.